முக்கோணச் சுமையில் கான்டிலீவர்: விடை ஏன் நான்கில் ஒரு பங்காக வருகிறது?

மூன்றாமாண்டு: சுவர்ப் பக்கம் சுமை w₀, நுனியில் பூஜ்ஜியம். x-ஐ நுனியிலிருந்து அளந்து இரண்டு முறை தொகையிட்டேன். நுனியின் விலக்கம் எனக்கு w₀L⁴/120EI வருகிறது, விடையில் w₀L⁴/30EI என்று இருக்கிறது. தொடக்கத்தில் மாறிலிகள் பூஜ்ஜியம்தானே?

நேர்கோடு: இதற்காகத்தான் x-ஐச் சுவரிலிருந்து அளக்க வேண்டும் என்கிறேன். அங்கே விலக்கமும் இல்லை, சாய்வும் இல்லை. மாறிலி இரண்டும் தானாகவே போய்விடும்.

வளைகோடு: நீங்கள் வரைந்த வளைகோட்டைப் பாருங்கள், மூன்றாமாண்டு. x=0-இல் y பூஜ்ஜியம், x=L-இல் முழு இறக்கம். அதாவது நுனி அப்படியே நிற்கிறது, சுவர் இறங்குகிறது! மொமென்ட் சரிதான்:

```
EI y''  = -w₀x³/6L
EI y'   = -w₀x⁴/24L + C1
EI y    = -w₀x⁵/120L + C1·x + C2
```

ஆனால் பிடிப்பு இருப்பது x=L-இல். அங்கே y'=0 என்றால் C1 = w₀L³/24. அங்கேயே y=0 என்றால் C2 = -w₀L⁴/30. நுனியில் x=0 என்பதால் மிஞ்சுவது C2 மட்டும், அதுதான் விடை.

நேர்கோடு, உங்கள் வழியில் மொமென்ட் -w₀(L-x)³/6L. அதை அடைப்புக்குறியோடு தொகையிட்டால் x=0-இல் முதல் உறுப்பு w₀L³/24 என்று நிற்கும். அதை அடிக்க C1 வேண்டும், தானாகப் போகாது.

பழைய வரைவாளர்: இருவருமே தவறு. போன மாதம் இதே முக்கோணச் சுமைக்கு நான் போட்டது 11w₀L⁴/120EI. சரிபார்த்தும் விட்டேன்.

வளைகோடு: உங்கள் சுமை நுனியில்தானே அதிகம்? இங்கே முக்கோணம் திரும்பி இருக்கிறது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் சீரான சுமை w₀. 4/120 + 11/120 = 15/120, அதாவது 1/8. சீரான சுமைக்கு நமக்குத் தெரிந்த விடையே அதுதான்.

பழைய வரைவாளர்: ஆமாம், நுனியில்தான் அதிகம். கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. இந்தக் கூட்டல் சோதனையை இதுவரை நான் செய்து பார்த்ததில்லை.

நேர்கோடு: (L-x)³-ஐ விரித்து எழுதினால் மாறிலிகள் பூஜ்ஜியம்தான். நான் அப்படித்தான் செய்கிறேன்.

வளைகோடு: விரித்தால் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான்கு உறுப்புகள், குறி மாறி மாறி வரும். தேர்வில் ஒரு குறி பிசகினால் எங்கே பிசகியது என்றே தெரியாது. நுனியிலிருந்து போனால் ஒரே உறுப்பு.

நேர்கோடு: உங்கள் வழியிலும் C1, C2 கணக்கில் பிசகலாமே. நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

மூன்றாமாண்டு: L=3 மீ, w₀=12 kN/m, EI=8100 kN·m² என்று போட்டுப் பார்த்தேன். இப்போது 4 மிமீ. முன்பு 1 மிமீ என்று எழுதி வைத்திருந்தேன். அப்புறம் ஒரு சந்தேகம்: சுமை பீமின் பாதி நீளத்துக்கு மட்டும் இருந்தால் நான்கு மாறிலிகள் வருமா?