வீட்டில் வீடியோ, வகுப்பில் கணக்கு: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கணக்கு டீச்சர், திண்டுக்கல் பக்கம்

பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் உயரங்களும் தொலைவுகளும் பகுதியை இந்த வருடம் ஃபிளிப்டு கிளாஸ்ரூம் முறையில் நடத்துகிறேன். ஐந்தாறு நிமிட வீடியோ ஒன்றை முந்தின நாள் மாலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன். மறுநாள் பீரியடில் போர்டில் கணக்குப் போடுவதில்லை. பிள்ளைகள் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து போடுகிறார்கள்.

வீடியோவில் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கும். கணக்கின் வாக்கியத்தைப் படமாக்குவது எப்படி என்று ஒரு கணக்கை வைத்துக் காட்டுவேன். பிறகு இன்னொரு கணக்கை வாசித்து, "இதற்குப் படம் மட்டும் வரைந்து வாருங்கள்" என்று நிறுத்திவிடுவேன். வீடியோ பார்த்தார்களா என்பது அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரு நாள் கொடுத்த கணக்கு இது. தரையில் ஓரிடத்தில் நின்று பார்த்தால் கோபுர உச்சியின் ஏற்றக்கோணம் 30°. கோபுரத்தை நோக்கி 40 மீட்டர் நடந்தால் 60°. உயரம் என்ன?

ஒரு குழு கோணங்களை இடம் மாற்றிக் குறித்துவிட்டது. தூரத்தில் 60°, பக்கத்தில் 30°. பக்கத்துப் புள்ளியிலிருந்து கோபுரம் வரை x என்று வைத்து இப்படி எழுதினார்கள்:

h/x = 1/√3, h/(x + 40) = √3

இதைத் தீர்த்தால் x = −60 வருகிறது. தூரம் மைனஸில் வருமா என்று ஒரு பையன் மைனஸை அடித்துவிட்டு 60 என்று எழுதினான். h = 60/√3, அதாவது 20√3 மீட்டர். பக்கத்துக் குழு படத்தைச் சரியாக வரைந்து, x = 20 என்று கண்டு, அதே 20√3-க்கு வந்திருந்தது. விடை ஒன்று, படம் வேறு. இரண்டு குழுவும் சேர்ந்து வாதாட ஆரம்பித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு பெண் எழுந்து ஜன்னலுக்கு வெளியே தெரியும் தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, "கிட்டப் போகப் போக தலையை இன்னும் தூக்கித்தானே பார்க்கணும்? அப்ப பெரிய கோணம் பக்கத்துலதான் வரும்" என்றாள். சரி, தவறான படத்தில் சரியான உயரம் எப்படி வந்தது? அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. கோபுரம் அவர்கள் வரைந்த பக்கத்தில் இல்லை, எதிர்ப்பக்கம் இருக்கிறது என்பதைத்தான் அந்த மைனஸ் சொல்கிறது என்று கடைசியில் அவர்களே கண்டுபிடித்தார்கள். நான் போர்டில் போட்டிருந்தால், மைனஸை அடித்த நோட்டிலும் 20√3-ஐப் பார்த்துவிட்டு டிக் போட்டிருப்பேன்.

இரண்டு சிக்கல் எனக்குத் தீரவில்லை. வீடியோ பார்க்காமல் வருபவர்களை என்ன செய்வது? குழுவில் நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளையே எல்லாவற்றையும் போட்டுவிடுவதை எப்படித் தடுப்பது?

இயற்பியல் ஆசிரியர், மேல்நிலை

கொரோனா சமயத்தில் இதைத்தானே செய்தோம்? கல்வித் தொலைக்காட்சி, யூடியூப் என்று எல்லாம் வீடியோதான். பள்ளி திறந்தபோது பாதிப் பிள்ளைகளுக்கு ஓம் விதியே மறந்திருந்தது. வீடியோவால் பாடம் ஏறாது என்பது என் அனுபவம். அப்படியும் செய்வதானால் ஐந்து நிமிடம் போதாது. பாடம் முழுவதையும் அரை மணி நேரமாவது விளக்கிவிட வேண்டும். அப்போதுதான் வகுப்பில் கணக்குக்கு நேரம் மிஞ்சும்.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியப் பயிற்றுநர்

சார், வீடியோவால் மட்டும் ஏறாது என்பது உண்மை. ஆனால் ஊரடங்கில் நம்மிடம் வீடியோ இருந்தது, மறுநாள் வகுப்பு இல்லை. டீச்சர் சொன்ன −60 விவாதம் வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைக்கு நடக்காது. அந்தப் பீரியடுக்காகத்தான் வீடியோவே. அரை மணி நேரம் பேசினால் பழைய லெக்சர் வீட்டுக்குப் போய்விட்டது என்றுதான் அர்த்தம். பிள்ளைகளும் ஓட்டி ஓட்டித்தான் பார்ப்பார்கள்.

டீச்சருடைய முதல் கேள்விக்கு வருகிறேன். பார்க்காமல் வந்தவர்களுக்காக மறுபடி போர்டில் விளக்காதீர்கள். ஒரு முறை விளக்கினால், பார்த்துவிட்டு வந்தவர்களும் அடுத்த வாரம் பார்க்க மாட்டார்கள், எப்படியும் மிஸ் சொல்லுவாங்க என்று இருந்துவிடுவார்கள். பின் பெஞ்சில் ஒரு லேப்டாப்பை வைத்து, அந்த ஐந்து நிமிடத்தை அங்கே பார்த்துவிட்டுக் குழுவில் சேரச் சொல்லுங்கள். தண்டனை மாதிரி ஆக்காமல், வந்ததும் பார்க்கும் இடம் என்று வைத்துவிடுங்கள்.

இரண்டாவதற்கு நான் பார்த்த வழி, குழுவுக்கு ஒரு தாள், ஒரு பேனா. பேனா வைத்திருப்பவர் தன் யோசனையை எழுதக் கூடாது, மற்றவர்கள் சொல்வதை மட்டும்தான் எழுத வேண்டும். நன்றாகப் போடும் பிள்ளையிடம் முதலில் பேனாவைக் கொடுங்கள். முடிந்ததும் குழுவில் நீங்கள் கைகாட்டும் பிள்ளை எழுந்து, இந்தக் கோணம் ஏன் இங்கே என்று சொல்ல வேண்டும். யாரைக் கேட்பீர்கள் என்று தெரியாததால், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தான் தீர வேண்டும்.

ஒரு அம்மா, மதுரை

நான் டீச்சர் இல்லை. என் பெண்ணின் பள்ளியிலும் இப்படித்தான் வீடியோ அனுப்புகிறார்கள். வீட்டில் ஒரே போன், அது அவள் அப்பாவிடம் இருக்கும். அவர் லோடு இறக்கிவிட்டு வர ஒன்பதரை, பத்து மணி ஆகும். அதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும், இல்லையென்றால் இவள் தூங்கியிருப்பாள். காலையில் பின் பெஞ்சுக்குத்தான் போகிறாள். தண்டனை இல்லை என்று நீங்கள் சொன்னாலும், தினமும் அதே நாலைந்து பிள்ளைகள்தான் அங்கே உட்காருகிறார்கள் என்று அழுகிறாள்.

டியூஷன் நடத்துபவர், சேலம்

நானும் பத்தாம் வகுப்புக்கு ஆன்லைன் கிளாஸ் எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஸ்கிரீனில் எழுத எந்த ஆப் நல்லது? மாதம் எவ்வளவு ஃபீஸ் வாங்கலாம்?

பணி ஓய்வு பெற்ற ஆசிரியப் பயிற்றுநர்

சேலம் நண்பருக்கு: இது ஆன்லைன் கிளாஸ் இல்லை, நேரில் நடக்கும் வகுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மதுரை அம்மா சொல்வது பெரிய விஷயம். இந்த முறையைப் பரப்பிய பெர்க்மன், சாம்ஸ் இருவரும் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து உட்லண்ட் பார்க் பள்ளியில் வேதியியல் ஆசிரியர்களாக இருந்தவர்கள். வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகள் பாடத்தை விட்டுவிடக் கூடாது என்றுதான் 2007 வாக்கில் பாடங்களைப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். விட்டுப்போகும் பிள்ளையைச் சேர்க்க வந்த முறை, நம்மிடம் போன் இல்லாத பிள்ளையைப் பிரித்துவிடக் கூடாது. டேட்டா இல்லாத வீடுகளுக்கு மாலை மணி அடிப்பதற்கு முன் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுக்கலாம். போனே இல்லை என்றால் ஹைடெக் லேபில் கடைசிப் பீரியடில் பார்க்க ஏற்பாடு செய்யலாம்.

கணக்கு டீச்சர், திண்டுக்கல் பக்கம்

ஒரு பேனா வழியை இன்று செய்து பார்த்தேன். எப்போதும் பேசாத ஒரு பையன், "மிஸ், அவன் நான் சொன்னதை எழுத மாட்டேங்கிறான்" என்று புகார் செய்தான். அவன் சொன்னது சரியான சமன்பாடு.

அம்மா சொன்னதைப் படித்தபிறகு பின் பெஞ்சு எனக்கு உறுத்துகிறது. ஐந்து நிமிடம்தானே, பீரியட் தொடக்கத்தில் எல்லோருமே குழுவாகச் சேர்ந்து பார்த்தால் என்ன என்று யோசிக்கிறேன். ஆனால் நாற்பது நிமிடப் பீரியடில் வருகைப்பதிவும் போக முப்பதுதான் மிஞ்சும், −60 மாதிரி ஒரு வாதம் வந்தால் அன்று அந்த ஒரு கணக்கோடு சரி. தேர்வுக்கு முன் இறக்கக்கோணம் முழுவதும் பாக்கி இருக்கிறது. இப்படி வகுப்பிலேயே பார்க்க வைத்தவர்கள் பாடத்தை எப்படி முடித்தீர்கள்?