மிரருக்கு என்ன சொல்: ஆடியா, படியா?

செல்வி:
டெபியன் இயங்குதளத்தை நிறுவும் மென்பொருளின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். டெபியன் தொகுப்பின் நகலை வைத்து வழங்கும் மிரரைத் தேர்ந்தெடுக்கும் திரையில் நிற்கிறேன். வலையமைப்பில் அருகில் இருப்பதைத் தேடுங்கள், பக்கத்து நாடோ சொந்த நாடோகூட நல்ல தேர்வாக இல்லாமல் போகலாம் என்கிறது அது. மிரருக்கு ஒரு சொல் வேண்டும். 'அருகில்' என்று எழுதினால் போதுமா?

இளங்கோவன்:
ஆடி வழங்கி. கண்ணாடியே கண் + ஆடிதான். குறுந்தொகையின் ஆடிப்பாவை நாம் கைகாலைத் தூக்கினால் தானும் தூக்கும். இதைவிடப் பொருத்தம் வேறெங்கே கிடைக்கும்?

ரஹீம்:
ஐயா, அந்தப் பாவை அதே கணத்தில் தூக்கும். மிரர் அப்படியில்லை. டெபியனின் மூலத் தொகுப்பு நாளுக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது. மிரர்கள் அப்புறம்தான் எடுத்துக்கொள்கின்றன. ஒத்திசைவு நின்றுபோன மிரரில் `apt update` போட்டால் பழைய பதிப்புகளின் பட்டியலே வரும். சுவடியைப் படியெடுத்த மாதிரிதான். படிவழங்கி என்போம்.

குமார்:
சொல் எதுவானாலும் சரி. எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு. ஒரு மிரரிலிருந்து நொடிக்கு 300 கிலோபைட்தான் வருகிறது. இணைப்புக்காரரிடம் சண்டையே போட்டுவிட்டேன். அங்கே போய்த் திரும்பும் நேரம் 200 மில்லிநொடி என்று `ping` காட்டுகிறது.

ரஹீம்:
காரணம் அந்த 200தான். வழங்கி கொஞ்சம் அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்குக் காத்திருக்கும். ஒரு தவணைக்கு 64 கிலோபைட் என்று வையுங்கள். நொடிக்கு ஐந்து தவணை, ஆக 320 கிலோபைட். 20 மில்லிநொடியில் இருக்கும் மிரரென்றால் ஐம்பது தவணை, 3,200 கிலோபைட். தவணை வளரக்கூடியதுதான். ஆனால் வழியில் பொட்டலம் தொலைந்தால் சுருங்கிவிடும். தூரத்து வழியில் மீண்டும் வளர நேரமாகும். உங்கள் இணைப்பில் குறை இருப்பதாகத் தெரியவில்லை.

மீனா:
அப்படியானால் கிலோமீட்டர்தானே கணக்கு? ஒரே தளத்தின் படிகளைப் பல ஊர்களில் வைத்து வழங்கும் சிடிஎன்னும் நம் ஊரைப் பார்த்துத்தானே பக்கத்துப் படியைத் தருகிறது? 'அண்மைப்படி' என்று வைக்கலாம்.

ரஹீம்:
பாதி சரி. ஒரே ஊரின் இரண்டு இணைய நிறுவனங்கள் வெளிநாட்டில் போய்த்தான் சந்திக்கின்றன என்றால், பக்கத்துத் தெரு வழங்கியும் தூரம்தான். அப்புறம், பல சிடிஎன்கள் தளத்தின் பெயருக்கு முகவரி கேட்கும்போதே படியைத் தேர்ந்துவிடுகின்றன. கேட்பது நீங்கள் இல்லை, உங்கள் டிஎன்எஸ் வழங்கி. அது சிங்கப்பூரில் இருந்தால் மதுரைக்காரருக்கும் சிங்கப்பூர்ப் படி கிடைக்கலாம். சில டிஎன்எஸ் வழங்கிகள் உங்கள் முகவரியில் ஒரு பகுதியைச் சேர்த்து அனுப்பும். சில, அந்தரங்கம் கருதி அனுப்பாது. டிஎன்எஸ்ஸை மாற்றி மறுபடி `ping` போட்டால் வித்தியாசம் தெரியலாம்.

இளங்கோவன்:
படி என்றால் மாடிப்படி, அரிசி அளக்கும் படி, பயணப்படி. எந்தப் படி என்று படிப்பவர் திணறுவார்.

குமார்:
ஆடி என்றால் தள்ளுபடி மாதம் என்பார்கள், ஐயா.

செல்வி:
இரண்டு பேர் படி என்கிறீர்கள். 'படிவழங்கி' என்றும், 'வலைவழியில் அருகிலுள்ள' என்றும் அனுப்புகிறேன். சிடிஎன் இந்தத் திரையில் இல்லை, பிறகு பார்ப்போம்.

இளங்கோவன்:
அனுப்புங்கள் அம்மா. என் ஓட்டு ஆடிக்குத்தான். அடுத்த பதிப்பின்போது மறுபடி கேட்பேன்.