ஸ்மியர் எடுத்தபின் ‘ஸ்பாட்டிங்’: தமிழில் எப்படிச் சொல்வது?

செல்வி:
அனைவருக்கும் வணக்கம். கருப்பை வாய்ப் பரிசோதனை முகாமுக்காக ஒரு துண்டறிக்கை மொழிபெயர்க்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஸ்மியர் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் பெண்களிடம் கொடுத்தனுப்புவது. அதில் ஒரே ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன்: சோதனைக்குப் பின் ஓரிரு நாள் லேசான ‘ஸ்பாட்டிங்’ இருக்கலாம், பயப்பட வேண்டாம்.

போன பதிப்பில் இதற்கு ‘இரத்தப்போக்கு’ என்று போட்டிருந்தார்கள். துடைத்த துணியில் இளஞ்சிவப்பாக ஒரு கீற்றுப் பார்த்த ஒரு பெண், ‘போக்கு’ ஆரம்பித்துவிட்டது என்று ராத்திரியே ஓடி வந்தாராம். இன்னொருவர் பேட் நனைந்து நனைந்து மாற்றிக்கொண்டே, ‘இயல்புதான்னு போட்டிருக்கே’ என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். முகாம் செவிலியர் சொன்னது இது. ஒரே சொல் இரண்டு பேரையும் தப்பான பக்கம் தள்ளியிருக்கிறது. நல்ல சொல் இருந்தால் கொடுங்கள்.

இளமாறன்:
தங்கைக்கு வணக்கம். ‘குருதித்துமி’ என்று வைக்கலாம். துமி என்றால் தெறிக்கும் சிறு துளி. அந்தச் சொல் மக்கள் வழக்கில் உண்டா என்று அரசவையில் சண்டை வந்து, மோர் கடைந்த இடைப்பெண் வாயால் தீர்ப்பான கதையை இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. குருதி தூய தமிழ். துமி, பெண்ணே சான்று சொன்ன தமிழ். இதைவிடப் பொருத்தம் வேறு எது?

கோபால்:
ஐயா, அந்தப் பெண் மோருக்குச் சாட்சி சொன்னாள், இதற்கு இல்லை. ‘சிறுகசிவு’ போதும் என்பது என் கருத்து. ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம். இதை ‘இயல்பு’ என்று எழுதுவதே சரியா? வாய்ப்பகுதி நன்றாக இருந்தால் தொட்டதும் ஏன் ரத்தம் வர வேண்டும்? தொட்டால் ரத்தம் வருவது புற்றுநோயின் அறிகுறி என்று படித்திருக்கிறேன். தவிர, ரத்தம் கலந்தால் ஸ்லைடும் வீணாகிவிடும் அல்லவா?

மருத்துவர் சாரதா:
கோபால் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கருப்பை வாயின் வெளிப்புறத்தை மூடியிருப்பது பல அடுக்குத் தோல். உள்வாசல் பக்கத்து உறை ஒரே ஒரு அடுக்கு செல்தான், அதற்கு நேர் கீழே நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. ஸ்மியருக்கு இரண்டும் சேரும் எல்லையிலிருந்து செல் வேண்டும். அதற்காக ஒரு சின்ன பிரஷை உள்வாசலில் வைத்துச் சுழற்றுவோம். அந்த ஒற்றை அடுக்கு உரசப்படும்போது ஒரு துளி ரத்தம் வருவதில் ஆச்சரியம் இல்லை. பழைய மரக்குச்சியைவிட பிரஷில் இது கூடுதல். ஆகவே ரத்தம் பட்டதை வைத்து முடிவைப் பற்றி எதுவும் ஊகிக்க முடியாது. பட்டவருக்கு முடிவு நன்றாக இருக்கும், படாதவருக்குக் கோளாறு இருக்கும், இரண்டும் நடக்கிறது.

சிலருக்கு அந்த உள்ளுறையே வெளிப்பக்கம் வந்து செக்கச்செவேலென்று தெரியும். இளம்பெண்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகளிடம் இது சகஜம். இவர்களுக்குத்தான் சோதனைக்குப் பின் அதிகம் படும். நம் ஊரில் இதைப் பார்த்த உடனே ‘வாயில் புண் இருக்கு’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அது புண்ணே இல்லை. அந்தச் சொல்லுக்கும் சேர்த்து நீங்கள் ஒரு மாற்று கண்டுபிடித்தால் நூறு புண்ணியம்.

மாதவிடாய் நின்றவர்களுக்குக் காரணம் வேறு. உறை மெலிந்து காய்ந்திருப்பதால் உள்ளே விரித்துப் பார்க்க வைக்கும் ஸ்பெகுலம் உரசினாலே சிராய்க்கும். அங்கே கிருமித்தொற்று இருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலும் கொஞ்சம் கூடுதலாகப் படும்.

கோபால் சொன்ன மற்ற பாதிக்கு வருகிறேன். குச்சி பட்டு ஒருநாள் வருவது வேறு, உறவுக்குப் பின் மறுபடி மறுபடி வருவது வேறு. இரண்டாவதைச் சோதித்தே ஆக வேண்டும், ஸ்மியர் நார்மல் என்று வந்தாலும். ஸ்லைடில் ரத்தம் நிறைய மூடினால் செல் தெரியாது என்பதும் சரி, மாதவிடாய் நாளில் எடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம். ஓரிரு துளியால் பெரும்பாலும் கெடுவதில்லை.

எத்தனை நாள் என்பதற்கு நான் நோயாளிகளிடம் சொல்வது இது. பெரும்பாலும் சில மணி நேரம். அன்றைக்கோ மறுநாளோ நிற்கும். முதலில் இளஞ்சிவப்பு, பிறகு பழுப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. நிறம் மங்கிக்கொண்டே போக வேண்டும். மூன்றாம் நாளும் சிவப்பாகவே இருந்தால் ஒரு போன் செய்யுங்கள். மணிக்கு ஒரு பேட் நனைந்தாலோ, கட்டி விழுந்தாலோ, காய்ச்சல், அடிவயிற்று வலி, கெட்ட வாடை சேர்ந்தாலோ நாள் கணக்கே வேண்டாம், உடனே வாருங்கள். கர்ப்பமாக இருந்தால் சோதனைதான் காரணம் என்று நீங்களே முடிவு செய்யாமல் அன்றே சொல்லுங்கள்.

சொல்லுக்கு வந்தால், ‘கசிவு’ எனக்கு உவப்பில்லை. கசிவது நிற்காமல் வருவது. துடைக்கும்போது மட்டும் தெரிவதைக் கசிவு என்று சொல்ல மாட்டோம்.

தர்ஷினி, யாழ்ப்பாணம்:
நான் குடும்பநல மருத்துவமாது. எங்கட சுகவனிதையர் கிளினிக்கில் இந்தச் சோதனை செய்துகொண்டு போகிற பெண்கள், அடுத்த நாள் கேட்டால் ‘கொஞ்சம் பட்டது மிஸ்’ என்றுதான் சொல்லுவினம். ‘படுதல்’ என்பதைத் தாண்டி ஒரு சொல் ஏன் தேவை? வெள்ளைப்படுதல் என்று எல்லோரும் சொல்கிறோம்தானே. அதே வரிசையில் ‘உதிரம் படுதல்’ என்று வைத்தால் அம்மம்மாவுக்கும் விளங்கும்.

இன்னொன்று. நீங்கள் ‘கருப்பை வாய்’ என்கிறீர்கள், நாங்கள் ‘கருப்பைக் கழுத்து’ என்கிறோம். துண்டறிக்கை எங்களுக்கும் வருமென்றால் கவனியுங்கோ.

இளமாறன்:
கழுத்து என்பது இலத்தீன் சொல்லின் நேர்பெயர்ப்பு. வாய் என்பதே நம் மரபு: குடத்துக்கு வாய், புண்ணுக்கு வாய், ஆறு கடலோடு சேரும் கழிவாய்.

தர்ஷினி:
குடத்துக்குக் கழுத்தும் இருக்கு, ஐயா.

உமா:
எனக்கு இலக்கணம் தெரியாது. கர்ப்பம் தங்கும்போது லேசாகப் படுமே, அதைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்தேன். பிறகுதான் புரிந்தது. ஆனால் படித்ததும் என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அவருக்கு 58 வயது, மாதவிடாய் நின்று வெகுகாலம் ஆகிறது. ஸ்மியர் எடுத்த அன்று லேசாகச் சிவப்பு, மறுநாள் பழுப்பு, அடுத்த நாள் சுத்தம். அதோடு விட்டுவிட்டோம். கொஞ்ச நாள் கழித்துத் திரும்பவும் சிவப்பாகப் பட்டது. ‘அன்னைக்குச் சுரண்டினது இன்னும் ஆறலை’ என்கிறார் அம்மா. ஸ்மியர் முடிவு நார்மல். காத்திருக்கலாமா?

மருத்துவர் சாரதா:
உமா, காத்திருக்க வேண்டாம். முதல் இரண்டு நாள் பட்டது ஸ்மியருடையது. நிறம் மங்கி நின்றுவிட்டது, அந்தக் கணக்கு அங்கேயே முடிந்தது. அந்த உரசல் ஆற இத்தனை நாள் ஆகாது. நின்றபின் மறுபடி வந்தது புதுக் கணக்கு. மாதவிடாய் நின்றவருக்கு வரும் எந்த ரத்தத்துக்கும் காரணம் தேட வேண்டும். ஸ்மியர் பார்ப்பது வாயை, கருப்பையின் உட்பக்கத்தை அல்ல. அதனால் ‘ஸ்மியர் நார்மல்’ என்பது இங்கே பதிலாகாது. ஸ்கேனில் உள்வரிச் சவ்வின் தடிமனைப் பார்ப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது வழக்கம். மெல்லியதாக இருந்தும் திரும்பத் திரும்பப் பட்டால் அப்போதும் எடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் மெலிந்த சவ்வோ சாதாரண தசைவளர்ச்சியோதான் காரணமாக இருக்கும். ஆனால் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. இந்த வாரமே கூட்டிப் போங்கள்.

செல்வி:
உமாக்கா கேட்டது நல்லதாகப் போயிற்று. ‘நின்ற பிறகு மறுபடி வந்தால்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன், மூலத்தில் அது இல்லை. ‘உதிரம் படுதல்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆட்சேபம் உண்டா?

இளமாறன்:
உண்டு. உதிரம் வடமொழி ‘ருதிர’த்தின் திரிபு. ‘குருதி படுதல்’ என்றாவது மாற்றுங்கள். ‘படு’ என்பதை நான் மறுக்கவில்லை. கண்ணில் படுதல், துணியில் படுதல், நோய்வாய்ப்படுதல் எல்லாம் தற்செயலாக நேர்வதையே குறிக்கும். அந்தப் பொருள் இங்கே ஒட்டுகிறது.

கோபால்:
உதிர்வது உதிரம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்களே? அப்படிப் பார்த்தால் உங்கள் கணக்கிலும் தமிழ்தானே?

இளமாறன்:
இலைதான் உதிரும். உடம்பிலிருந்து உதிர்வதைப் பெயராக்கினால் மயிருக்குத்தான் அந்தப் பெயர் முதலில் போயிருக்க வேண்டும். ஒலி ஒத்துப்போவது வேர் ஆகாது. எனக்குச் சாதகமாக இருந்தாலும் பொய்யான வேரை ஏற்க மாட்டேன்.

தர்ஷினி:
குருதி என்றால் எங்கட ஆட்களுக்கு இரத்ததான முகாம்தான் நினைவுக்கு வரும். வேண்டாம்.

ஆனால் நிறத்தைப் பற்றி ஒன்று சேர்க்க வேணும். எல்லாப் பழுப்பும் இரத்தம் இல்லை. அயோடின் தடவிப் பார்த்திருந்தால் ஒரு நாள் பழுப்பு மஞ்சளாக உடுப்பில் ஒட்டும். அதை இரத்தம் என்று நினைத்து அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவர் சாரதா:
ரொம்ப முக்கியம். தமிழ்நாட்டு முகாம்களிலும் வினிகர் அமிலம், அயோடின் தடவிக் கண்ணால் பார்க்கும் முறை உண்டு, செல்வி எதற்கு எழுதுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதில் சுரண்டுவதே இல்லை, ரத்தம் படுவது குறைவு. பயாப்சி எடுத்திருந்தால் ரத்தத்தை நிறுத்த ஒரு பசை தடவுவோம், அது காப்பித்தூள் போலக் கறுப்பாக விழும். அவர்களுக்குச் சில நாள் படலாம், ‘ஓரிரு நாள்’ அவர்களுக்குப் பொருந்தாது. ஒரே தாளை எல்லோருக்கும் கொடுக்காதீர்கள்.

செல்வி:
இது ஸ்மியர் முகாம்தான், விசாரித்துவிட்டேன். பயாப்சிக்குத் தனித்தாள் வேண்டும் என்று ஏற்பாட்டாளரிடம் சொல்கிறேன், கேட்பார்களா தெரியவில்லை. இப்போது வரி இப்படி நிற்கிறது:

‘சோதனைக்குப் பின் லேசாக உதிரம் படலாம். துடைக்கும்போதோ உள்ளாடையிலோ இளஞ்சிவப்பாக அல்லது பழுப்பாகத் தெரியும். ஓரிரு நாளில் நின்றுவிடும். மூன்றாம் நாளும் சிவப்பாகப் பட்டாலோ, நின்றபின் மறுபடி பட்டாலோ எங்களை அழையுங்கள். ஒரு மணி நேரத்தில் பேட் நனைந்தாலோ, கட்டி விழுந்தாலோ, காய்ச்சல், வயிற்றுவலி, கெட்ட வாடை இருந்தாலோ உடனே வாருங்கள். கர்ப்பிணியாக இருந்தால் லேசாகப் பட்டாலும் அன்றே சொல்லுங்கள்.’

கோபால்:
‘ஓரிரு நாள்’ என்பதற்குப் பதில் ‘48 மணி நேரம்’ என்று போட்டால் துல்லியம்.

மருத்துவர் சாரதா:
உடம்பு கடிகாரம் பார்க்காது, கோபால். 49ஆவது மணி நேரத்தில் பழுப்பாக ஒரு புள்ளி பார்த்துவிட்டு வருவார்கள். ஓரிரு நாள் என்றே இருக்கட்டும்.

கோபால்:
அப்போது ‘மூன்றாம் நாள்’ சோதனை நாளிலிருந்தா, மறுநாளிலிருந்தா? வாசிப்பவர் அதைக் கேட்பாரே.

இளமாறன்:
பெரும்பான்மை உதிரத்தின் பக்கம், சரி. என் மறுப்பைப் பதிவில் வையுங்கள்: அடுத்த பதிப்பிலாவது ‘குருதி படுதல்’. அப்புறம், கூட்டுச்சொல்லாக எழுதினால் ‘உதிரப்படுதல்’ என்று போட்டுவிடாதீர்கள். உதிரம் எழுவாய், மகரம் கெடாது.