அப்பாவின் விரலில் இன்னும் எத்தனை முறை குத்துவது?

பால்மரத்தார் மகள், பெஸ்தாரி ஜெயா

அப்பாவுக்கு 78 வயது; 20 ஆண்டுகளாக இனிப்பு நீர். நுரையீரல் புற்றுநோய் முற்றிவிட்டது, இனிச் சில வாரங்கள்தான் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிறுநீரகமும் தளர்ந்துவிட்டது. காலையும் மாலையும் கிளிக்லசைட் 80 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500, இரவில் கொழுப்புக்கான மாத்திரை கொடுக்கிறோம். கஞ்சி நான்கு கரண்டிக்கு மேல் இறங்குவதில்லை. ஒரு நாளைக்கு நான்கு முறை விரலில் குத்துகிறோம். பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன விரல் என்பதால் இரண்டு தடவை குத்தினால்தான் இரத்தம் வருகிறது. இவற்றை நிறுத்தலாமா? நிறுத்தினால் அப்பாவைக் கைவிட்டதாக ஆகும் என்கிறார் அண்ணன்.

செம்பனைச் சாலை

உங்கள் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, தங்கச்சி. என் மாமாவுக்குக் கடைசி மாதத்தில், 'இனி என்ன இருக்கிறது' என்று எல்லாவற்றையும் நிறுத்தினோம். சர்க்கரை 28 மில்லிமோலுக்கு ஏறிவிட்டது. நாக்கு மரப்பட்டைபோல் காய்ந்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரவில் ஐந்தாறு முறை படுக்கை நனைந்தது. அது நிம்மதியான சாவு அன்று. இவ்வளவு காலம் காத்த கட்டுப்பாட்டைக் கடைசியில் ஏன் விட வேண்டும்?

லயத்து வீடு 14

நான் நேர் எதிராகச் சொல்வேன். சாகப்போகிறவருக்கு மாத்திரையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், இன்சுலினும் வேண்டாம். ஆசைப்பட்டதைக் கொடுங்கள், குத்துவதை இன்றே நிறுத்துங்கள். சர்க்கரைக் கட்டுப்பாடெல்லாம் பத்து ஆண்டுகள் கழித்துக் கண்ணும் காலும் போகாமல் இருப்பதற்காகத்தான்.

ஓய்வுபெற்ற தாதி

படுக்கையில் இருந்த நோயாளிகளை வீடு வீடாகச் சென்று பார்த்தவள் நான். 14-ஆம் வீட்டுக்காரர் காரணத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார், முடிவில்தான் அவசரப்பட்டுவிட்டார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையும், கொழுப்பு மாத்திரையும் இனி உங்கள் அப்பாவுக்கு ஒரு பயனும் தரமாட்டா. ஆனால் அன்றாடச் சர்க்கரை அப்படியன்று. மிகத் தாழ்ந்தாலும் மிக ஏறினாலும் அவருக்கு இன்றைக்கே துன்பம். அதனால் இந்தக் கட்டத்தில் சர்க்கரை 6-க்கும் 15-க்கும் இடையில் இருந்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம்.

மகளே, இரண்டு விவரங்கள் வேண்டும். விடியற்காலையில் என்ன எண் வருகிறது, மாலை உணவுக்கு முன் என்ன வருகிறது? மூச்சுத்திணறலுக்கோ பசிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை ஏதும் கொடுத்திருக்கிறார்களா?

பால்மரத்தார் மகள், பெஸ்தாரி ஜெயா

ஆமாம் அம்மா, காலையில் டெக்ஸாமெதசோன் 4 மில்லிகிராம் கொடுக்கிறோம். நேற்று விடியற்காலையில் 3.8, மாலையில் 13.6. இரண்டு நாட்களாக விடியும் நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்க்கிறது, கூப்பிட்டால் குழறுகிறார். நோயின் களைப்பு என்று நினைத்துக்கொண்டோம்.

செம்பனைச் சாலை

மாலையில் 13.6! இதைப் பார்த்த பிறகுமா மாத்திரையைக் குறைக்கச் சொல்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற தாதி

நீங்கள் 13.6-ஐப் பார்க்கிறீர்கள் ஐயா, எனக்கு அந்த 3.8-தான் கவலை. 4-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. வியர்வையும் குழறலும் அதன் அடையாளங்கள். சாவை நெருங்கியவரின் மயக்கமும் பார்க்க அப்படியேதான் இருக்கும் என்பதால், வீட்டார் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள். கிளிக்லசைட்டுக்கு அவர் நான்கு கரண்டி குடித்தாரா, நான்கு தட்டு சாப்பிட்டாரா என்று தெரியாது. உணவு வந்தாலும் வராவிட்டாலும் அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

மாலையில் ஏறுவது டெக்ஸாமெதசோனின் வேலை. காலையில் கொடுத்தால் பிற்பகலிலும் மாலையிலும் சர்க்கரையை ஏற்றிவிட்டு, விடிவதற்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆகவே மாலை எண்ணைக் கண்டு மாலைக் கிளிக்லசைட்டைக் கொடுப்பது, ஏற்கெனவே இறங்கப்போவதைக் கீழே தள்ளுவதாகும். நானாக இருந்தால், மருத்துவரிடம் பேசி முதலில் மாலைக் கிளிக்லசைட்டை நிறுத்தச் சொல்வேன். மெட்ஃபார்மின் குமட்டலைத் தந்து இருக்கிற கொஞ்சப் பசியையும் கெடுக்கும்; தளர்ந்த சிறுநீரகத்துக்கும் அது ஆகாது, எனவே அதையும் நிறுத்தலாம். ஸ்டீராய்டு தொடரும் வரை காலைக் கிளிக்லசைட்டைப் பாதியாகக் கொடுக்கலாம். ஸ்டீராய்டை நிறுத்தும் நாளில் அந்தப் பாதியும் நிற்க வேண்டும். இதை மறந்துவிடுவதுதான் நான் அதிகம் கண்ட தவறு.

சோதனை, மாலை உணவுக்கு முன் ஒரு முறை போதும். அதுவும் ஸ்டீராய்டு இருப்பதால்தான். விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், காய்ப்பு அங்கே குறைவு. மறுபடி வியர்த்தால் மட்டும் உடனே பாருங்கள். 4-க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால் சர்க்கரை கலந்த தண்ணீர் கொடுங்கள். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். தாதிக்கு அழையுங்கள்.

செம்பனைச் சாலை

சரி, இறங்குவது ஆபத்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 28-க்குப் போகும்போது யார் கவனிப்பது? ஒரு முறைதான் பார்ப்பேன் என்றால் என் மாமாவுக்கு ஆனதுதான் ஆகும்.

ஓய்வுபெற்ற தாதி

உங்கள் மாமாவுக்கு நிறுத்தியது தவறாக இருந்திருக்காது. நிறுத்திய பின் யாரும் அவரைக் கவனிக்காமல் விட்டதுதான் தவறு. தாகமும் அடிக்கடிச் சிறுநீரும் வாய்ப்புண்ணும் இல்லாமல் 14-இல் இருப்பவருக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அவை தோன்றினாலோ, எண் 20-ஐத் தாண்டினாலோ மருத்துவர் சிறிய அளவு இன்சுலின் தருவார். அதுவும் துன்பம் தீரும் வரைதான்.

கோயில் தெரு அக்கா

என் தம்பிக்குப் பதின்மூன்று வயதிலிருந்தே ஊசி. இப்போது அவனும் படுக்கையில் இருக்கிறான். இன்சுலின் வேண்டாம் என்று மேலே எழுதியிருப்பதைப் படித்து எங்கள் வீட்டில் ஒரே சண்டை. அவனுக்கும் நிறுத்தலாமா?

ஓய்வுபெற்ற தாதி

கூடாது. அது வேறு கதை. அவர் உடலில் இன்சுலின் சுரப்பே இல்லை. சாப்பிடாவிட்டாலும் நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் சேரும். வாந்தியும் வயிற்றுவலியும் மூச்சிரைப்பும் வந்து மிகுந்த துன்பத்தில் முடியும். நாளுக்கு ஒரு முறை போடும் நீண்ட நேர இன்சுலினைக் கடைசி வரை தொடர வேண்டும், அளவை மட்டும் மருத்துவர் குறைப்பார். 14-ஆம் வீட்டுக்காரரே, உங்கள் வரியில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

லயத்து வீடு 14

போட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் வயதான பிறகு வந்தவர்கள், அதனால் அப்படி எழுதிவிட்டேன். ஆனால் விழுங்க முடியாத கடைசி இரண்டு மூன்று நாட்களில் இவருடைய அப்பாவுக்கு எதுவுமே வேண்டாம் என்பதில் நான் மாறமாட்டேன்.

ஓய்வுபெற்ற தாதி

அவருக்கு அது சரிதான். அப்போது மாத்திரையும் வேண்டாம், குத்தலும் வேண்டாம்.

பால்மரத்தார் மகள், பெஸ்தாரி ஜெயா

நான்கு நாட்கள் கழித்து எழுதுகிறேன். அரசாங்கக் கிளினிக் மருத்துவர் மாலைக் கிளிக்லசைட், மெட்ஃபார்மின், கொழுப்பு மாத்திரை மூன்றையும் நிறுத்தினார். காலையில் 40 மில்லிகிராம் மட்டும் தருகிறோம். முதல் மூன்று நாட்கள் மட்டும் விடியற்காலையிலும் பார்க்கச் சொன்னார்: 5.9, 7.4, 7.2 என்று வந்தது. நேற்று மாலை 14.9. வியர்வை நின்றுவிட்டது. நேற்று மிலோவில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுத் தரச் சொல்லி அரைக் கோப்பை குடித்தார்.

அண்ணன் இன்னும் சம்மதிக்கவில்லை. 14.9-ஐ நாட்காட்டியில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறார்.

செம்பனைச் சாலை

நானும் சிவப்பில்தான் எழுதியிருப்பேன். வாய் உலர்கிறதா என்று இரவில் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.