அனுவோட வெப்பநிலைக் கணக்கு: குடும்பக் குழுவில்

ரேவதி: கணக்குத் தெரிஞ்சவங்க யாராவது முழிச்சிருக்கீங்களா? அனுவுக்கு நாளைக்குக் காட்டணும். ஒரு மலை ஊர்ல காலை 6 மணிக்கு மைனஸ் 3 டிகிரி, மதியம் 2 மணிக்கு 7 டிகிரி. எத்தனை டிகிரி ஏறிச்சு? இவ 4ன்னு போட்டிருக்கா. பின்பக்க விடையில 10.

குமார் சித்தப்பா: 10 தான். மைனஸ் வந்தா ரெண்டையும் கூட்டிடணும். 3 + 7. முடிஞ்சது.

வசந்தி அத்தை: குமாரு, விடை சரி. நீ சொன்ன வழி புள்ளையைக் கவுத்துடும். காலையில மைனஸ் 8, மதியம் மைனஸ் 3ன்னு வச்சுக்கோ. எத்தனை ஏறிச்சு?

குமார் சித்தப்பா: 11.

வசந்தி அத்தை: 5டா. மைனஸ் 8ல இருந்து மேல வா: 7, 6, 5, 4, 3. எல்லாமே மைனஸ்தான். அஞ்சு படி ஏறினதும் மைனஸ் 3 வந்துடுச்சு. பூஜ்ஜியத்தைத் தொடவே இல்லையே, எதைக் கூட்டுவ?

குமார் சித்தப்பா: அட ஆமா. அப்ப எப்பக்கா கூட்டணும்?

வசந்தி அத்தை: நடுவுல பூஜ்ஜியத்தைத் தாண்டினா மட்டும். ரேவதி, அனுகிட்ட இப்படிச் சொல்லு. மைனஸ் 3ல நிக்குறோம். முதல்ல பூஜ்ஜியம் வரைக்கும் ஏறணும், அதுக்கு 3. அங்கிருந்து 7க்கு ஏற இன்னொரு 7. மொத்தம் 10. ரெண்டு அளவும் பூஜ்ஜியத்துக்கு ஒரே பக்கம் இருந்தா பெருசுல இருந்து சின்னதைக் கழிச்சா போதும். அவ மைனஸைக் கண்டுக்காம 7ல 3 போனா 4ன்னு போட்டிருக்கா. 3ல இருந்து 7க்கு ஏறினா அது சரி.

ரேவதி: சொன்னேன் அத்தை. இப்ப நோட்டுல கோடு போட்டு, விரல் வச்சு எண்ணிட்டு 11ன்னு சொல்றா 😩

வசந்தி அத்தை: நிக்குற இடத்தையும் சேர்த்து எண்ணுறா. மைனஸ் 3ல விரல் வச்சதுமே "ஒண்ணு"ன்னு ஆரம்பிச்சிருப்பா. மைனஸ் 3ல இருந்து 7 வரைக்கும் எழுதின எண்கள் 11 இருக்கும், ஆனா அதுக்கு இடையில இருக்கிற இடைவெளி 10தான். ஏறினதுன்னா இடைவெளி. விரலை நகர்த்தின பிறகு "ஒண்ணு" சொல்லச் சொல்லு. அப்படியே கோட்டுல பூஜ்ஜியம் இருக்கான்னும் பாரு. சில புள்ளைங்க மைனஸ் 1க்கு அடுத்து நேரா 1 எழுதிடுவாங்க. அப்ப 9 வரும்.

ரேவதி: பூஜ்ஜியம் இருக்கு. நகர்த்தி எண்ணினதுல 10 வந்துடுச்சு 👍

சிகாகோ அருண்: அத்தை, 10 டிகிரி செல்சியஸ்னா எங்க ஊர்க் கணக்குல 50 டிகிரி ஏறின மாதிரியா? ஃபோன்ல போட்டா 10க்கு 50 ஃபாரன்ஹீட்னு காட்டுது.

ரேவதி: அருண், அனுவுக்கு செல்சியஸ் மட்டும்தான்டா!

வசந்தி அத்தை: கேட்டதுல தப்பில்ல, ஆனா 50 இல்ல. ஃபோன் சொல்றது தெர்மாமீட்டர்ல 10 காட்டுற இடம். நீ கேக்குறது 10 படி ஏறினது. ரெண்டு முனையையும் தனித்தனியா மாத்திப் பாரு. மைனஸ் 3 செல்சியஸ் 26.6 ஃபாரன்ஹீட், 7 செல்சியஸ் 44.6. வித்தியாசம் 18தான். உங்க தெர்மாமீட்டர்ல ஐஸ் உருகுற இடம் 32. அந்த 32 ரெண்டு முனையிலயும் இருக்கிறதால கழிக்கும்போது அடிபட்டுப் போயிடும்.

சிகாகோ அருண்: ஓ, அப்ப மைனஸ் 3 எங்களுக்கு மைனஸே இல்ல!

ரேவதி: அடுத்த கணக்கு. குறைவுல இருந்து அதிகம் வரிசைப்படுத்தணும்: மைனஸ் 8, 5, 0, மைனஸ் 3, 7, மைனஸ் 11. இவ எழுதினது: மைனஸ் 3, மைனஸ் 8, மைனஸ் 11, 0, 5, 7.

குமார் சித்தப்பா: சரியாத்தானே இருக்கு? மைனஸ் எல்லாம் முன்னாடி, மத்தது பின்னாடி.

செல்வி: இல்ல மாமா, மைனஸ் மூணும் தலைகீழா இருக்கு. மைனஸ் 11 தான் ரொம்பக் குளிர், அதுதான் முதல்ல வரணும். மைனஸ் 11, மைனஸ் 8, மைனஸ் 3, 0, 5, 7. எங்க தடுப்பூசி ஃப்ரீசர்லயும் இதே குழப்பம்தான் வரும். போலியோ சொட்டு மருந்து வைக்கிற டீப் ஃப்ரீசர் மைனஸ் 15க்கும் மைனஸ் 25க்கும் நடுவுல இருக்கணும். மைனஸ் 12 காட்டினா, "12, 15ஐ விடக் கம்மி, நல்லா குளிரா இருக்கு"ன்னு புதுசா வர்றவங்க நினைச்சுடுவாங்க. உண்மையில அது 3 டிகிரி சூடாயிருக்கு, வரம்பைத் தாண்டிடுச்சு. உடனே சொல்ல வேண்டிய விஷயம்.

குமார் சித்தப்பா: டிஜிட்டல்லயே நம்பர் தெரியுமே, அப்புறம் என்ன குழப்பம்?

செல்வி: நம்பர் தெரியும் மாமா, எது சூடு எது குளிர்னு நாமதானே சொல்லணும். கண்ணாடிக் குழாய் தெர்மாமீட்டர்னா இன்னும் மோசம். மைனஸ் 5க்குக் கீழ ரெண்டு கோட்டுல திரவம் நிக்கும். அது மைனஸ் 7. ஆனா மேல நோக்கியே எண்ணிப் பழகின கண்ணு, கீழ இருக்கிற மைனஸ் 10ல இருந்து மூணு கோடு மேல ஏறி "மைனஸ் 13"ன்னு படிச்சுடும். பூஜ்ஜியத்துக்குக் கீழ எப்பவும் பூஜ்ஜியத்துல இருந்து கீழ நோக்கித்தான் எண்ணணும்.

வசந்தி அத்தை: ரேவதி, வரிசைப்படுத்தச் சொன்னா அனுவை நோட்டைத் திருப்பி நிக்குற மாதிரி ஒரு கோடு போடச் சொல்லு, படுத்த கோடு வேண்டாம். எல்லா அளவையும் அதுல குறிச்சுட்டு அடியில இருந்து மேல படிச்சா அதுதான் விடை. இந்த வயசுல மேல கீழ சட்டுன்னு புரியும், இடம் வலம் குழம்பும்.

ரேவதி: போட்டுட்டா, சரியா வந்துச்சு. கடைசி ஒண்ணு: சாயங்காலம் 4 டிகிரி, ராத்திரிக்குள்ள 9 டிகிரி இறங்குது. ராத்திரி எவ்வளவு? 5ன்னு போட்டிருக்கா.

குமார் சித்தப்பா: இப்ப நான் சொல்றேன். 4 இறங்கினா பூஜ்ஜியம். 9ல 4 போச்சு, மீதி 5. இன்னும் 5 இறங்கணும். அப்ப மைனஸ் 5!

வசந்தி அத்தை: இதுதான்டா. அனுவுக்கும் எண் சரி, மைனஸ் மட்டும் விட்டுப்போச்சு. 4ல இருந்து இறங்கி 5ல எப்படி நிக்கும்னு கேளு, அவளே திருத்திடுவா.

ரேவதி: திருத்திட்டா. ஆனா அத்தை, மிஸ் முதல் கணக்கை 7 − (−3) = 10ன்னு எழுதணும்னு போர்டுல போட்டாங்களாம். இவ 3 + 7ன்னு எழுதினா மார்க் போகுமா?

வசந்தி அத்தை: முடிஞ்ச அளவுல இருந்து ஆரம்ப அளவைக் கழிக்கிறதுதான் மிஸ் வழி, அதுவும் சரி. ஆனா ரெண்டு மைனஸ் ஏன் பிளஸ் ஆகுதுன்னு தெரியாம எழுதிப் பழகினா, மைனஸ் 8, மைனஸ் 3 கணக்குல குமார் மாதிரி 11 போடுவா. என்னைக் கேட்டா இன்னும் ஒரு மாசம் கோட்டுலயே ஏறி இறங்கட்டும்.

செல்வி: அம்மா, மார்க் போடுறது நீங்க இல்லையே. ரெண்டு விதமாவும் எழுதட்டும், கோடு ஓரத்துல இருக்கட்டும்.

குமார் சித்தப்பா: என் பேரை ஏன்க்கா இழுக்குற 😄

ரேவதி: நாளைக்கு மிஸ்கிட்டயே கேட்டுட்டு வரச் சொல்றேன். செல்வி, உங்க ஃப்ரீசர் கணக்கைச் சொன்னதும் நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ்ல எத்தனை மைனஸ்னு கேக்குறா. கதவுல 1ல இருந்து 5 வரைக்கும்தான் போட்டிருக்கு.

செல்வி: அது டிகிரி இல்ல, குளிர் கூடுற அளவு. வழக்கமா 5 வச்சா ரொம்பக் குளிரும். உள்ள தெர்மாமீட்டர் வச்சுத்தான் பார்க்கணும். மேல் ஃப்ரீசர்ல வை, ஒரு ராத்திரி இருக்கட்டும், காலையில கதவைத் திறந்ததும் உடனே படிச்சுடு. ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டரை மட்டும் வச்சுடாத, அது 35க்குக் கீழ காட்டாது.