பில் கூட்டுத்தொகை சரிபார்ப்பு: தள்ளுபடி இரண்டு முறை கழிகிறது, உதவி தேவை

வணக்கம். ஸ்கேன் செய்த ஜிஎஸ்டி பில்களிலிருந்து எடுத்த ஒவ்வொரு பொருளின் தொகையையும் வரியையும் கூட்டி, அச்சிட்ட மொத்தத்தோடு ஒப்பிடுகிறோம். சிக்கல் தள்ளுபடியில்தான்.

ஒரு பில்: 12 × 145.50, 5 × 389.75, இரண்டுக்கும் 5% தள்ளுபடி. தொகைப் பத்தியில் கழித்த பிறகான 1658.70, 1851.31 இருக்கின்றன. ஆனாலும் அடியில் "தள்ளுபடி 184.74" என்று தகவலுக்காக மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். அதையும் கழித்தால் மொத்தம் சரியாக 184.74 குறைகிறது. வித்தியாசம் தள்ளுபடிக்கே சமமாக இருந்தால் காரணம் இதுதான்.

வரியிலிருந்து பின்னோக்கிப் போனாலும் தெரிகிறது. சிஜிஎஸ்டி 315.90 ÷ 0.09 = 3510.00, பைசா ரவுண்டிங்கால் 6 பைசா வரை விலகலாம். பொருட்களின் தொகைகளைக் கூட்டினால் 3510.01. ஆக, தள்ளுபடி ஏற்கெனவே கழிந்துவிட்டது.

```
3510.01 + 315.90 + 315.90 + 0.19 = 4142.00
```

0.19 ரவுண்ட் ஆஃப். அதைத் தனிப் புலமாக எடுக்கிறோம். ஒரு ரூபாய் வித்தியாசத்தைப் பொதுவாக அனுமதித்தால் தவறாகப் படித்த பைசாக்களும் தப்பிவிடும்.

கேள்வி இது: ஒரே பில்லில் 5%, 18% ஜிஎஸ்டி உள்ள பொருட்கள் கலந்திருந்து, தள்ளுபடி அடியில் மட்டும் ஒரே தொகையாக இருந்தால் எப்படிப் பிரிக்கிறீர்கள்? மதிப்பு விகிதப்படி பிரித்தால் சில பில்களில் வரி பொருந்தவில்லை. ஒவ்வொரு விகிதத்தின் வரியிலிருந்தும் அடிப்படைத் தொகையைத் தனித்தனியே கணக்கிடுபவர்கள், எத்தனை பைசா வரை விலகலை ஏற்கிறீர்கள்?