பிரேக் ஈவன், மார்ஜின் ஆஃப் சேஃப்டி: பேக்கரிப் பாடத்துக்குச் சொல் தேவை

கலைமதி:
வணக்கம். மகளிர் குழுக்களுக்கான தொழிற்பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், திங்களன்று அச்சுக்குப் போகிறது. அதில் ஒரு சிறு பேக்கரியின் கணக்கு வருகிறது. மாதம் எத்தனை ரொட்டி விற்றால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்பது பிரேக் ஈவன். இப்போதைய விற்பனை அதற்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்பது மார்ஜின் ஆஃப் சேஃப்டி. பழைய வரைவில் 'சமநிலைப் புள்ளி', 'பாதுகாப்பு விளிம்பு' என்று இருக்கிறது. வகுப்பில் படித்துக் காட்டினேன். "எதோட விளிம்பு?" என்று கேட்டார் ஓர் அக்கா.

கணக்கு இதுதான். பாக்கெட் விலை 40 ரூபாய். மைதா, சர்க்கரை, ஈஸ்ட், வனஸ்பதி, கவர் எல்லாம் சேர்த்து 20. மாத வாடகை 15,000, சம்பளம் 46,000, ஓவன் தேய்மானம் 3,000. கரண்டும் கேஸும் 18,000. விற்பனை 5,000 பாக்கெட்.

வித்யா:
எம்.காம் படிக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். கரண்ட் பில் மாதம் தவறாமல் வருகிறது, ஆகவே நிலைச்செலவு. மொத்தம் 82,000. பாக்கெட்டுக்கு 20 மிஞ்சுகிறது. 4,100 பாக்கெட் விற்றால் சரிக்குச் சரி. சொல்லுக்கு 'சமன்புள்ளி' போதுமே?

முத்துராமன்:
மாதாமாதம் வருவதாலேயே ஒரு செலவு நிலையானதாகிவிடாதம்மா. ரொட்டி கூடினால் அதுவும் கூடுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கலைமதி அம்மாவிடம் தனியாகக் கேட்டு மற்ற மாதப் பில்களையும் வாங்கினேன். 4,000 பாக்கெட் சுட்ட மாதம் 16,000, 6,000 சுட்ட மாதம் 20,000. 2,000 பாக்கெட் கூடியதற்கு 4,000 ரூபாய் கூடியிருக்கிறது. அதாவது பாக்கெட்டுக்கு 2 ரூபாய். 4,000 பாக்கெட்டுக்கு அந்தக் கணக்கில் 8,000 போனால், மீதி 8,000 ஓவனைத் தொடாவிட்டாலும் வரும் செலவு.

ஆக நிலைச்செலவு 72,000. பாக்கெட்டுக்கு 22 போக 18 மிஞ்சும். 72,000ஐ 18ஆல் வகுத்தால் 4,000. விற்பது 5,000 என்பதால் 1,000 பாக்கெட் கூடுதல், விற்பனையில் 20 சதவீதம். வித்யாவின் கணக்கிலும் 5,000 பாக்கெட்டுக்கு லாபம் அதே 18,000தான் வரும். தவறு வெளியே தெரியாமல் போவது அதனால்தான். விற்பனை மாறும்போதுதான் குட்டு உடையும்.

இரண்டு மாதத்தை மட்டும் எடுத்துப் பிரிப்பது முரட்டு வழி. அதில் ஒரு மாதம் ஓவன் பழுதாகியிருந்தாலோ கட்டணம் ஏறியிருந்தாலோ எல்லாம் கோணலாகும். ஆறேழு மாதப் பில் இருந்தால் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்.

இளஞ்சேரன்:
எண்களை அறிஞர் பார்த்துக்கொள்வார். 'சமன்புள்ளி'யில் எது எதற்குச் சமன் என்பதே இல்லை. வள்ளுவர் 449ஆம் குறளில் 'முதலிலார்க்கு ஊதியம் இல்லை' என்கிறார். முதல் போக மிஞ்சுவதுதான் அங்கே ஊதியம், நாம் இன்று சொல்லும் சம்பளம் அன்று. எனவே 'முதலீடேறு அளவு' என்க. இரண்டாவதற்கு 'ஏமம்' இருக்கிறது. 738ஆம் குறளில் நாட்டுக்கு அணியான ஐந்தில் ஒன்றாகப் பாதுகாவலை அச்சொல்லால்தான் சொன்னார். 'ஏம மிகை' என்று வைத்தால் செறிவாக இருக்கும். பேக்கரி எதற்கு? அடுமனை என்று எழுதுங்கள்.

பரமேஸ்:
அடுமனை உங்கட பக்கம். யாழ்ப்பாணத்தில எங்களுக்கு வெதுப்பகம், அதில விக்கிறது பாண். செலவு எண்டு நீங்கள் எழுதுறதை நாங்கள் கிரயம் எண்டுதான் படிப்பிக்கிறம். 'இலாப நட்டமற்ற புள்ளி' எண்டால் நீளம்தான், ஆனால் பிள்ளையள் ஒருத்தரும் பிழையாய் விளங்கினதில்லை. ஏமம் எண்டால் ஏமாத்து எண்டெல்லோ நினைப்பினம்?

இளஞ்சேரன்:
ஏமாற்றுக்கும் ஏமத்துக்கும் உள்ள உறவு தனி ஆய்வு. ஏமாப்பு, ஏமாற்றம் இரண்டையும் எடுத்துக்கொண்டால்...

கலைமதி:
ஐயா, திங்கட்கிழமை.

ஜெகன்:
அண்ணே, அக்கா, எங்க வீட்ல மூணு தலைமுறையா பேக்கரி. 4,000 பாக்கெட்ல சரியாயிடும்னு எழுதினா எங்க அப்பா சிரிப்பாரு. நாங்க இதுக்கு 'கட்டுபடி'ன்னு சொல்றோம். "இந்த வெலைக்குக் கட்டுபடியாகாது"ன்னா எல்லாருக்கும் புரியும். அதையே வச்சுக்கலாம்ல?

இன்னொண்ணு, கடைகளுக்குப் போட்ட ரொட்டில ரிட்டர்ன் வரும். எங்களுக்கு 12 சுட்டா ஒண்ணு திரும்பும். அத எங்க சேர்த்திருக்கீங்க?

முத்துராமன்:
ஜெகன் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. நான் 5,000 என்றது விற்றது மட்டும். 12 சுட்டு 11 விற்றால், 12க்கான செலவு 264 ரூபாயை 11 தாங்க வேண்டும். பாக்கெட்டுக்கு 22 என்பது 24 ஆகிறது, மிஞ்சுவது 16. 72,000ஐ 16ஆல் வகுத்தால் 4,500. 20 சதவீதமாக இருந்த கூடுதல் பாதியாகி 10 சதவீதத்தில் வந்து நிற்கிறது. விலையும் மாறவில்லை, விற்பனையும் மாறவில்லை. சிறு பேக்கரிக் கணக்கு பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஜெகன்:
திரும்பி வந்தத நாங்க குப்பைல போடறதில்லண்ணே. வெட்டி மறுபடி சுட்டு ரஸ்க்.

முத்துராமன்:
அப்படியானால் ரஸ்க் விற்ற காசில் மறுபடி சுட்ட செலவைக் கழித்து, மீதியை அந்த 264லிருந்து கழியுங்கள். 4,500 கொஞ்சம் இறங்கும். 4,000க்கு இறங்காது.

'கட்டுபடி' விஷயத்தில் எனக்கு ஒரு தயக்கம். உங்கள் அப்பா அந்தச் சொல்லைச் சொல்லும்போது வீட்டுச் செலவையும் சேர்த்துத்தானே சொல்கிறார்? மேலே உள்ள 46,000 மாஸ்டருக்கும் ஆட்களுக்கும் போவது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வரும் முதலாளிக்கு அதில் ஒரு பைசா இல்லை. அவருக்கு மாதம் 18,000 என்று வைத்தால் நிலைச்செலவு 90,000. ரிட்டர்னே இல்லாவிட்டாலும் 5,000 பாக்கெட் வேண்டும், இப்போது விற்பதே அவ்வளவுதான். கூடுதல் சைபர்.

வித்யா:
அப்படியானால் இரண்டு அளவுக்கும் இரண்டு சொல் வைக்கலாமே? 4,000க்கு ஒன்று, 5,000க்குக் 'கட்டுபடி அளவு'.

இளஞ்சேரன்:
பார்த்தீர்களா, ஊதியம் லாபமா கூலியா என்ற குழப்பம்தான் இதுவும்! 4,000க்கு 'முதல் தேறும் அளவு' என்றால் எனக்கும் சம்மதம். 'முதலீடேறு' கொஞ்சம் கரடுமுரடு. ஏமத்தை மட்டும் விடமாட்டேன்.

பரமேஸ்:
'முதல் தேறும்' எண்டால் போட்ட முதலீடு முழுக்கத் திரும்பி வாறது எண்டு விளங்குவினம். ஓவன் வாங்கின காசு எத்தனை வருசத்தில திரும்பும் எண்டது வேற கணக்கு. ரெண்டையும் குழப்பப் போறியள்.

முத்துராமன்:
பரமேஸ் ஐயா சொல்வது சரி. அந்த ஆபத்து இருக்கிறது. 'செலவு தேறும் விற்பனை' என்றால் அது வராது. மார்ஜினுக்கு விளிம்பு வேண்டாம். விற்பனை எவ்வளவு வரை சரிந்தால் நட்டமில்லாமல் தாங்கும் என்பதுதான் பொருள். 'சரிவு தாங்கும் அளவு' என்று நேராகச் சொல்லலாம்.

கலைமதி:
இன்று அதே அக்காவிடம் கேட்டேன். 'செலவு தேறும் விற்பனை' சட்டென்று புரிந்துவிட்டது. 'சரிவு தாங்கும் அளவு' என்றதும், "ஆயிரம் பாக்கெட் குறைஞ்சாலும் தாங்கும்னா? சரி, ஆனா அந்த ரிட்டர்ன சேர்த்துட்டா ஐந்நூறுதானே?" என்றார். அந்த இரண்டையும் போடுகிறேன். முதலாளி கூலி சேர்ந்ததற்குக் 'கட்டுபடி விற்பனை' என்று தனிப் பெட்டி வரும். ரிட்டர்ன் கணக்கையும் பயிற்சி வினாவாகச் சேர்க்கிறேன்.

இளஞ்சேரன்:
அடிக்குறிப்பிலாவது 'ஏம மிகை' இடம்பெறட்டும். அட்டையில் பேக்கரி என்று அச்சடிக்கப் போகிறீர்களா?

பரமேஸ்:
யாழ்ப்பாணத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கோ. நாங்கள் கிரயம் எண்டுதான் வாசிப்பம்.

ஜெகன்:
அக்கா, பப்ஸும் டீயும் அந்தக் கணக்குல வரலியே. எங்க கடைல பாதி வியாபாரம் அதுதான். டீல மிஞ்சற அளவு ரொட்டில மிஞ்சாது. பாக்கெட்ட எண்ணிக்கிட்டு எப்படிச் சொல்றது?

முத்துராமன்:
பல சரக்கு வந்துவிட்டால் பாக்கெட்டை எண்ணாதீர்கள், ரூபாயில் போங்கள். ரிட்டர்ன் சேர்க்காத முதல் கணக்கில் 40க்கு 18 மிஞ்சுகிறது, நூற்றுக்கு 45. 72,000ஐ 0.45ஆல் வகுத்தால் 1,60,000 ரூபாய். டீயும் பப்ஸும் சேர்ந்தால் அந்த 45 மாறும். எது எவ்வளவு விற்கிறது என்ற விகிதம் மாறும் மாதமெல்லாம் மறுபடி மாறும். உங்கள் கடையின் ஒரு மாதக் கல்லாக் கணக்கைத் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள், சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்.